சீட்டா, சிறாப்பரா, வீதியா: டிப்போ வருமானக் குறைவைத் தேட எங்கிருந்து தொடங்குவது?

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பெயர்ப்பலகைகளில் "சாலை" என்று எழுதியிருந்தாலும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அதனை எல்லோரும் டிப்போ என்றே சொல்வதால், நானும் அப்படியே எழுதுகிறேன். உள்ளகக் கணக்காய்வுக்கு இருவர் மூன்று நாட்களுக்கு ஒரு டிப்போவுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயணிகளிடம் வாங்கப்பட்ட காசு முழுமையாக வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே அவர்கள் பார்க்கவேண்டியது. அதனைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. சீட்டுக் களஞ்சியத்தில் தொடங்கி, நடத்துநரின் நாளாந்தச் சீட்டுக் கணக்குத் தாளான வேபில் வழியாகக் காசை நோக்கிப் போகலாம். வங்கி வைப்புச் சிட்டையில் தொடங்கி, டிப்போவின் காசாளரான சிறாப்பரின் மேசை வழியாகப் பின்னோக்கி வரலாம். அல்லது இவை இரண்டையும் விட்டு வீதிக்கு இறங்கி, ஓடும் பஸ்ஸில் ஏறி ஆட்களையும் சீட்டுகளையும் எண்ணலாம். மூன்றுமே ஒரே குறைவைத் தேடுவதாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றின் கண்ணுக்கும் படுவது வேறு வேறு குறைவு.

பெரும்பாலானோர் வங்கிச் சிட்டையில்தான் தொடங்குகிறார்கள், ஏனெனில் அதுவே இலகுவானது. வைப்புச் சிட்டையை எடுத்து, அன்றைய காசுப் புத்தகத்தோடும், காசுப் புத்தகத்தை வேபில்களின் கூட்டுத்தொகையோடும் ஒப்பிட்டால் அரை நாளில் ஒரு மாதத்தை முடித்துவிடலாம். ஆனால் இந்தத் திசையில் போகிறவர் பதிவான காசை மட்டுமே சரிபார்க்கிறார். வேபிலில் எழுதப்படாத சீட்டின் காசு வைப்புச் சிட்டையிலும் இராது என்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும். மாதக்கணக்காகக் குறைவே இல்லை என்று அறிக்கை எழுதப்பட்ட டிப்போக்களில் பெரும்பாலும் இந்தத் திசையில் மட்டுமே பார்த்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக இந்த வழி வீணானதன்று. நடத்துநரைத் தாண்டி, காசு சிறாப்பரின் கைக்கு வந்த பிறகு நடக்கும் தவறை இது ஒன்றுதான் காட்டும். வியாழக்கிழமைக் காசில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் காசால் அதனை ஈடுகட்டி, வெள்ளியின் குறைவைச் சனியின் காசால் மூடுகின்ற விளையாட்டு அது. கூட்டுத்தொகைகள் எல்லாம் சரியாகவே இருக்கும். நாள்கள் மட்டுமே நழுவியிருக்கும். சனி, ஞாயிறோடு போயா விடுமுறையும் சேர்ந்து வங்கி மூடியிருக்கும் வாரங்கள் இதற்கு நல்ல மறைவு என்பதால், அந்த வாரங்களை முதலில் எடுக்க வேண்டும். விடுமுறை நாள்களின் காசு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிச் சிட்டையில் வைப்பிடப்பட்டதா, ஒன்றாகக் குவித்து வைப்பிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சிறிய அடையாளம் உண்டு. பஸ்ஸில் சேரும் காசு அழுக்கானது: இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களும் ஒரு பை நாணயமும். வைப்புச் சிட்டையின் பின்பக்கத்தில் தாள் வாரியாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, ஐயாயிரமும் ஆயிரமும் மட்டும் நிறைந்திருந்தால், அது பஸ்ஸிலிருந்து நேரே வந்த காசன்று. ஆனாலும் உடனே குற்றம் சாட்டிவிடக் கூடாது. பக்கத்துக் கடைக்காரர்கள் சில்லறைக்காக டிப்போவில் பெரிய தாள்களைக் கொடுத்து மாற்றிக்கொள்வது நம் ஊர்களில் சாதாரணம். மாற்றியது எவ்வளவு என்பதைச் சிறாப்பர் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால் விடயம் அங்கேயே முடிந்துவிடும். குறிப்பே இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் அப்படியானால் மேலும் தோண்ட வேண்டியதுதான்.

இனிச் சீட்டிலிருந்து முன்னோக்கிப் போகும் வழி. இதுவே மூன்றிலும் அதிகம் உழைப்பைக் கேட்பது. அதிகம் தருவதும் இதுவே. வேபில் என்பது ஒரு நடத்துநரின் ஒரு நாளைய வாக்குமூலம் போன்றது. ஒவ்வொரு பெறுமதிச் சீட்டுக்கும் காலையில் எடுத்துச்சென்ற தொடக்க இலக்கமும், மாலையில் விற்காமல் மிஞ்சிய முதல் சீட்டின் இலக்கமும் அதில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விற்ற எண்ணிக்கை. மட்டக்களப்பு-கல்முனை வழியில் ஓடிய ஒரு பஸ்ஸின் வேபில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. முறை நான் பலமுறை கண்டது.

| பெறுமதி (ரூ.) | தொடக்கம் | முடிவு | விற்றவை | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| 100 | 4120 | 4163 | 43 | 4,300 |
| 50 | 7708 | 7799 | 91 | 4,550 |
| 30 | 2215 | 2337 | 122 | 3,660 |
| 20 | 0861 | 0925 | 64 | 1,280 |

மொத்தம் 13,790 ரூபாய். நடத்துநர் ஒப்படைத்ததும் 13,790 ரூபாய். எழுதுவினைஞர் கழித்தலையும் பெருக்கலையும் சரிபார்த்துக் கையொப்பம் வைத்துவிட்டார். அவர் தன் வேலையில் ஒரு பிழையும் விடவில்லை. இந்தத் தாளைத் தனியாக எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் குறைவு தென்படாது. குறைவு அடுத்த நாளின் தாளில் இருக்கிறது. மறுநாள் காலையில் சீட்டு வழங்கியவர், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து ஐம்பது ரூபாய்ச் சீட்டின் தொடக்க இலக்கமாக 7809 என்று எழுதியிருக்கிறார். முந்திய மாலையில் 7799 இல் முடிந்தது, காலையில் 7809 இல் தொடங்கினால், பத்துச் சீட்டுகள் இரவில் எங்கே போயின?

"புத்தகம் முடிஞ்சி புதுசு எடுத்த சேர்" என்பதே இதற்கு வழக்கமாக வரும் பதில். அது பாதி உண்மையாகவும் இருக்கலாம், ஆகவே களஞ்சியப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். புத்தகம் ஒன்றில் நூறு சீட்டு. பழைய புத்தகம் 7701 முதல் 7800 வரை. புதியது 7801 முதல் 7900 வரை. உண்மையாகவே அன்று புதிய புத்தகத்துக்கு மாறியிருந்தால், மறுநாளின் தொடக்கம் 7801 ஆக இருக்க வேண்டுமே தவிர 7809 ஆக இருக்க முடியாது. பழையதில் மிஞ்சிய 7799, 7800 ஆகிய இரண்டும் திருப்பி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவேடு இன்னொன்றையும் சொல்கிறது: புதிய புத்தகம் முதல் நாள் காலையிலேயே மேலதிகப் புத்தகமாக அவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது, ஆனால் அன்றைய வேபிலில் அது எழுதப்படவில்லை. ஓட்டை அங்கேதான். வேபிலில் ஏறாத மேலதிகப் புத்தகத்திலிருந்து விற்ற சீட்டு, எழுதுவினைஞரின் கழித்தலுக்குள் வரவே வராது.

பத்துச் சீட்டு, ஐந்நூறு ரூபாய். தொகை சிறிதுதான். ஆயினும் முடிவு இலக்கத்தையும் மறுநாள் தொடக்க இலக்கத்தையும் ஒரு மாதத்துக்கு வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இத்தகைய தாவல்கள் தற்செயலாகச் சிதறிக் கிடக்கின்றனவா அல்லது ஒரே ஆளிடம், புத்தகம் மாறும் நாள்களில் மட்டும் வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். கணினியில் ஏற்றாமலே ஒரு நீண்ட கோடிட்ட தாளில் இதனைச் செய்யலாம். நான் அப்படித்தான் செய்து வந்தேன். கையடக்கச் சீட்டு இயந்திரம் ஓடும் வழிகளில் இந்தத் தாவல் இராது என்று பலர் நம்புகிறார்கள். இயந்திரம் பழுதானால் மாற்றுக்குக் கொடுக்கப்படும் கைச்சீட்டுப் புத்தகமே அங்கே அதே ஓட்டை என்பதால், பழுது பதிவான நாள்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் வரம்பைச் சொல்லாமல் விடக்கூடாது. கொடுக்கப்பட்ட சீட்டுக்குரிய காசையே அது தேடுகிறது. ஆரையம்பதியில் ஏறியவரிடம் காசை வாங்கிச் சீட்டே கொடுக்காமல் விட்டால், கல்முனைக்குப் போகிறவருக்குக் களுவாஞ்சிக்குடி வரைக்குரிய சீட்டைக் கிழித்துக் கொடுத்தால், இறங்குகிறவரிடம் பழைய சீட்டை வாங்கி அடுத்தவருக்கு நீட்டினால், இலக்கங்கள் ஒன்றும் அசையா. இவற்றை வீதிச் சோதனை மட்டுமே பிடிக்கும்.

ஆனால் வீதிச் சோதனை பெயருக்கு ஏற்ற பலனைத் தருவதில்லை. கல்லடிப் பாலத்தில் பரிசோதகர் நிற்கிறார் என்ற செய்தி காத்தான்குடியைத் தாண்டுவதற்குள் தொலைபேசியில் முன்னால் ஓடும் எல்லாப் பஸ்களுக்கும் போய்விடும். ஒரு நாளில் நாலைந்து பஸ்ஸுக்கு மேல் ஒழுங்காக எண்ணவும் முடியாது. சோதித்த ஓட்டங்களின் வருமானத்தைச் சோதிக்காத அதே நேர ஓட்டங்களோடு ஒப்பிடலாம். சோதனை நாளில் மட்டும் வருமானம் ஏறினால் அது ஒரு சைகை. ஆனால் அதையும் அவசரமாக நம்பலாகாது. வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடியில் கூட்டம் குறையும், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் பஸ் நிரம்பி வழியும், பாடசாலை விடுமுறையில் காலை ஓட்டம் பாதியாகும். ஒரே கிழமை நாள், ஒரே நேரம், ஒரே பருவம் என்று பொருத்தாமல் செய்யும் ஒப்பீடு ஒரு நேர்மையான நடத்துநரை வீணாக விசாரணைக்கு இழுத்துவிடும்.

வீதிச் சோதனையின் பெரும் பயன் அங்கே பிடிபடுகிற ஆட்களிடம் இல்லை, பரிசோதகர் குறித்துவரும் இலக்கங்களில் இருக்கிறது என்பதே என் எண்ணம். பஸ்ஸில் ஏறியதும் ஒவ்வொரு பெறுமதியிலும் அடுத்து விற்கவுள்ள சீட்டின் இலக்கத்தை, நேரத்தோடும் இடத்தோடும், வேபிலிலும் தன் சொந்தக் குறிப்புப் புத்தகத்திலும் அவர் எழுத வேண்டும். வேபிலைத் திருத்தலாம், இன்னொன்று எழுதி மாற்றலாம். பரிசோதகரின் பையிலுள்ள புத்தகத்தைத் திருத்த முடியாது. நம் உதாரணத்தில் அதே நாள் மாலை 5.40 க்குப் பெரியகல்லாற்றில் ஐம்பது ரூபாய்ச் சீட்டு 7806 என்று அவர் குறித்திருந்தால், அன்றிரவு 7799 இல் முடிந்ததாக எழுதப்பட்ட வேபில் பொய்யென்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். இரவில் களஞ்சியத்தில் யாரோ கிழித்தார்கள் என்ற வாதமும் அங்கேயே நிற்காமல் போகும். சீட்டு விற்கப்பட்டது பகலில், பஸ்ஸில், அந்த நடத்துநரின் கையால். யார் பொறுப்பு என்பதை நிறுவாமல் குறைவு இருக்கிறது என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு விசாரணையில் ஒரு ரூபாயும் அறவிட முடியாது என்பதை அனுபவத்தில் கற்றிருக்கிறேன்.

ஆகவே மூன்று நாட்களை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் அதிகாலையில், சிறாப்பர் பெட்டியைத் திறக்கும்போதே காசை எண்ணுவேன்; இரவில் வந்த நடத்துநர்களின் முத்திரையிட்ட பைகளும் சில்லறைச் செலவுப் பணமும் ஒரே நேரத்தில் எண்ணப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் குறைவை மற்றொன்று மூடிவிடும். இது அந்தக் காலையில் மட்டுமே செய்யக்கூடியது; நாங்கள் வந்த செய்தி பரவிய பிறகு எண்ணிப் பயனில்லை. மீதி நாளும் அடுத்த நாளும் சீட்டு இலக்கங்களுக்கு. பரிசோதகர்களின் பழைய குறிப்புப் புத்தகங்களையும் அப்போதே கேட்டு வாங்கி, வேபில்களின் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மூன்றாம் நாள் வீதிக்கு. எந்தப் பஸ், எந்த ஓட்டம் என்பதை முந்திய இரண்டு நாளின் தாவல்கள் தெரிவு செய்து தந்திருக்கும். ஏறும் இடத்தை மட்டும், கல்லடியில் வேண்டாம், குருக்கள்மடத்துக்கு அப்பால் ஏதாவது ஒரு தரிப்பிடத்தில் பயணிகளோடு பயணியாக நின்று ஏறுவேன்.