உணவக பில்லில் டிப்ஸைப் பிரித்தல்: சமமாகவா, விகிதப்படியா?

அவரவர் உண்டதற்கு அவரவரே பணம் தருவது என்று முடிவான பிறகும், டிப்ஸைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதா, உண்ட தொகையின் விகிதப்படி பிரிப்பதா என்ற கேள்வி எஞ்சுகிறது.

மூவர் முறையே 300, 200, 100 என்ற தொகைக்கு உண்டு, மொத்தமான 600க்கு 60 டிப்ஸ் வைப்பதாகக் கொள்வோம். சமப் பங்கில் தலைக்கு 20 சேர்ந்து அவர்கள் 320, 220, 120 தருவார்கள்; விகித முறையில் ஆளுக்குப் பத்து சதவீதம் சேர்ந்து 330, 220, 110 தருவார்கள். சராசரி அளவில் உண்டவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சமப் பங்கில், மிகக் குறைவாக உண்டவர் தம் உணவின் விலையில் 20 சதவீதத்தை டிப்ஸாகத் தருகையில், அதிகம் உண்டவர் 7 சதவீதத்துக்கும் குறைவாகவே தருகிறார்.

பரிமாறுபவரின் உழைப்பு, தட்டில் உள்ளதன் விலையைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை என்பதால், தொகைகள் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது சமப் பங்கே எளிதும் நியாயமும் ஆகும். ஒருவர் வெறும் காபியோடு நிறுத்திக்கொண்டால் விகித முறைக்கு மாறுவதே முறை என்பேன்.

எந்த முறையாயினும், விலையின் மீது சதவீதமாகக் கணக்கிடப்படும் வரியை டிப்ஸோடு கலந்து சமமாகப் பிரிக்கக் கூடாது. அதை விகிதப்படியே சேர்க்க வேண்டும். வரியும் டிப்ஸும் சேர்ப்பதற்கு முன் தனித்தனித் தொகைகளைக் கூட்டிப் பார்த்து, அது பில்லின் உணவுத் தொகையைவிடக் குறைந்தால், பொதுவாகப் பகிர்ந்துண்ட ஏதோ ஒன்று எவர் கணக்கிலும் ஏறவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அதன் விலையை, உண்டவர்களுக்குள் மட்டும் பகிர வேண்டும்.