சர்ஜ் இருந்த இரவும் இல்லாத இரவும்

வண்டி கேட்பவர்கள் கூடும்போது ஊபர் கட்டணத்தைத் தானாக ஏற்றுவதுதான் சர்ஜ். அது இருந்தபோதும் இல்லாதபோதும் நியூயார்க்கில் ஊபர் கண்ட இரண்டு இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2015 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி முடிந்தது. செயலியைத் திறந்தவர்கள் வழக்கத்தைவிட நான்கு மடங்கு. கட்டணம் 1.8 மடங்கு வரை ஏறியது, அதாவது 20 டாலர் பயணம் 36 டாலர். அவசரமில்லாதவர்கள் விலையைப் பார்த்துவிட்டு விலகினார்கள். அந்தப் பகுதியில் ஓட்டுநர்கள் இரண்டு மடங்கு வரை கூடினார்கள். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சில நிமிடங்களில் வண்டி கிடைத்தது.

அதற்குச் சில மாதங்கள் முன், புத்தாண்டு இரவில், சர்ஜ் கணக்கு 26 நிமிடம் செயலிழந்தது. கட்டணம் சாதாரணமாகவே இருந்தது, ஆனால் கேட்டவர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை. மலிவு விலை திரையில் மட்டும்தான் இருந்தது.

சரி, சர்ஜ் பலன் தருகிறது என்பதற்கு இதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? இரண்டும் வேறு வேறு இரவுகள். இந்த இரவுகளை ஆராய்ந்து எழுதியவர்களில் இருவர் ஊபர் ஊழியர்கள். அப்புறம், விலகியவர்கள் எல்லோரும் அவசரமில்லாதவர்களா, கையில் பணமில்லாதவர்களா என்பதை விலை பிரித்துச் சொல்லாது. என் பார்வையில் சர்ஜின் உண்மையான குறை இதுதான். கச்சேரி இரவுக்கு நான் சர்ஜையே ஏற்பேன். புயல் போன்ற நெருக்கடியில் உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். 2014-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞருடன் ஊபர் அப்படியொரு வரம்புக்கு ஒப்புக்கொண்டது.