காணாமல் போன மணப்பெண்: போன் பதிவா, நடையா?

தாராவியில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மணப்பெண்ணைக் காணவில்லை. களைத்துப்போன துப்பறிவாளரிடம் அப்பா வருகிறார். நுவார் என்ற இருண்ட குற்றக்கதை எழுதுபவருக்கு, அவளைத் தேட இங்கே இரண்டு வழிகள்.

அவளுடைய அழைப்புப் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்குவது வேகமானது, ஆனால் சட்டவிரோதம். 2018-இல் தாணே போலீஸ் இதற்காகவே தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. அப்படியும் டவர் ஒரு பகுதியைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது.

எனக்குப் பிடித்தது நடைதான். அவள் நகை எதையாவது விற்றாளா என்று கேட்டு, துப்பறிவாளர் தாராவியின் 90 அடி சாலையில் ஒவ்வொரு நகைக்கடையாக ஏறி இறங்குகிறார். தன் வளையலை விற்றது அவளேதான், அதுவும் தனியாக வந்து என்று தெரிந்தால் கடத்தல் என்ற சந்தேகம் வலுவிழக்கிறது. சரி, 18 வயதைத் தாண்டிய பெண் தானாகவே போயிருக்கிறாள். கூலி கொடுத்த அப்பாவிடம் அவள் முகவரியைச் சொல்வாரா? அழைப்புப் பதிவு வழியில் இந்தக் கேள்விக்கு வரவே நேரமிருக்காது.