ஐம்பது கிராம் டியூப்பும் அரைக் கிலோ டப்பாவும்: குழந்தையின் கரப்பானோடு ஒன்றரை ஆண்டு

கல்லூரித் தோழி ஒருத்தி சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினாள். என் மகனுக்கு நான் பூசி வந்த செராமைடு கிரீமின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். அவளுடைய ஐந்து மாதப் பெண் குழந்தைக்குக் கன்னங்களிலும் முழங்காலுக்குக் கீழேயும் கரப்பான் கண்டிருக்கிறது, மருத்துவர் அதை எக்சிமா என்று உறுதி செய்துவிட்டார், இந்தக் கிரீமை வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். என் மகனுக்கு நான்காம் மாதத்தில் தொடங்கியது. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு மாதம். இந்த ஒன்றரை ஆண்டில் அந்தக் கிரீமையும், மருந்துக்கடையில் டப்பாவில் கிடைக்கும் வெள்ளைப் பாரஃபின் களிம்பையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் அதையே இங்கே பகிர்கிறேன்.

கிரீமைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வாசனை சேர்க்கப்படாதது, பூசிய இரண்டு நிமிடத்தில் தோலில் அடங்கிவிடுவது, சட்டையில் கறை படியாதது. சென்னையின் சித்திரை வெயிலிலும் குழந்தை பிசுபிசுப்பு இல்லாமல் தூங்கினான். எரிச்சல் தந்ததாக ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. எக்சிமா உள்ள தோலில் செல்களுக்கு இடையே இருக்க வேண்டிய கொழுப்புப் பூச்சு குறைவு. சுவரில் செங்கற்களுக்கு நடுவே சாந்து உதிர்ந்ததைப் போல அந்த இடைவெளி வழியாக ஈரம் வெளியேறுகிறது, உறுத்தும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. செராமைடு என்பது அந்தச் சாந்தில் உள்ள கொழுப்புகளில் ஒன்று. ஆகவே கிரீமின் செய்முறையில் எனக்குக் குறை இல்லை.

என் கோபமெல்லாம் அந்த ஐம்பது கிராம் டியூப்பின் மீதுதான். முதல் ஒன்றரை மாதம் கிரீம் வேலை செய்யவில்லை என்றே நினைத்திருந்தேன். கன்னம் கரகரவென்று இருந்தது, இரவில் தலையணையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதான். வேறு கிரீம் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டேன். அவர் கிரீமின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வருகிறது?" என்றார். இன்னும் முதல் டியூப்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று, சிக்கனமாக இருந்த பெருமையோடு சொன்னேன். "நான்கு நாளில் தீர்ந்திருக்க வேண்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் டியூப்பை எடை போட்டேன். அவர் காட்டிய விதத்தில், கரப்பான் உள்ள இடங்களில் மட்டுமல்லாமல் உடல் முழுவதும், தோல் மினுமினுக்கும் அளவுக்குப் பூசிவிட்டு மறுபடி எடை பார்த்தபோது ஏழு கிராமுக்குச் சற்றே மேல் குறைந்திருந்தது. நாளைக்கு இரண்டு முறை என்றால் 15 கிராம். வாரத்துக்கு 105 கிராம். கைக்குழந்தைக்கு வாரம் 100 கிராம் அளவிலாவது மாய்ஸ்சரைசர் தேவை என்று தோல் மருத்துவர்கள் கூறும் கணக்கும் இதுவே. இதைவிட அதிகமாகப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. நானோ நாளைக்கு ஒரு கிராம் பூசிவிட்டுக் கிரீமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அளவைக் கூட்டிய பத்தாம் நாள் கால்களின் சொரசொரப்பு அடங்கியது. மூன்றாம் வாரம் அவன் இரவில் ஒரே ஒரு முறைதான் எழுந்தான். கிரீம் அதேதான். ஆனால் டியூப் 400 ரூபாய்க்கு மேல், மாதத்துக்கு எட்டு டியூப்புக்குக் குறையாது. வாரம் நூறு கிராம் தேவைப்படும் நோய்க்கு ஐம்பது கிராமில் அடைத்து விற்கும்போது, தாய்மார்கள் அதைப் பொட்டு வைப்பது போலத்தான் பூசுவார்கள் என்பதைத் தயாரிப்பவர்கள் யோசிக்க வேண்டாமா?

அதன் பிறகுதான் வெள்ளைப் பாரஃபின் களிம்பு வீட்டுக்கு வந்தது. அரைக் கிலோ டப்பா ஐந்து வாரம் வரும். விலை இரண்டு டியூப்பை எட்டாது. இதன் தொல்லைகளையும் மறைக்கப் போவதில்லை. படுக்கை விரிப்புகள் எண்ணெய்ப் பிசுக்கேறி வெளுப்பிழந்தன. பூசிய குழந்தையைத் தூக்கினால் கையிலிருந்து வழுக்குகிறான். மே மாதத்தில் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்தது. வியர்வை வெளியேற வழியில்லாமல் களிம்பு அடைத்துக்கொண்டதே காரணம். கோடையில் மடிப்புகளுக்கும் முதுகுக்கும் கிரீம், கன்னத்துக்கும் கால்களுக்கும் இரவில் களிம்பு என்று பிரித்துக்கொண்டதும் அது நின்றது. முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, அழுத்தித் தேய்க்காமல் தடவ வேண்டும். எதிர்த் திசையில் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் விரலில் உள்ள கிருமி டப்பாவில் குடியேறினால் அரை கிலோ தீரும்வரை அதையே குழந்தைக்குப் பூசிக்கொண்டிருப்போம்.

எது உயர்ந்தது என்ற கேள்விக்கு என் வீட்டு அனுபவத்தைவிடப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், கரப்பானைக் கட்டுப்படுத்துவதில் இவற்றுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கரைசல்களும் அப்படியே. 2018-இல் அங்கேயே வெளியான மற்றோர் ஆய்வு, வழக்கமான பராமரிப்போடு அவற்றைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் கிடைத்ததாகக் காணவில்லை. அதைப் படித்த பிறகு அந்தப் புட்டியை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

குளியலில் நான் மாற்றிக்கொண்டது நேரமும், குளித்தபின் பூசும் வேகமும்தான். கரப்பான் உள்ள குழந்தையைக் குளிப்பாட்டவே கூடாது என்று உறவினர்கள் சொன்னார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் அரிப்பு அடங்கும் என்று சொன்னவர்களும் உண்டு. முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடாகவும் தெரியாமல் குளிராகவும் தெரியாமல் இருக்கும் நீரில், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள், தினம் ஒரு முறை குளிப்பாட்டுகிறேன். சாதாரணச் சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் வாசனையற்ற, சோப்பில்லாத கழுவு திரவத்தை அக்குள், தொடை மடிப்பு, பின்புறம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். பருத்தித் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் சற்று நிற்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். தாமதித்தால் அந்த நீர் ஆவியாகிப் போய், குளிக்கும் முன்னிருந்ததைவிடத் தோல் வறண்டுவிடும். இதற்காகவே களிம்பைக் கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்த பிறகுதான் அவனை நீரில் இறக்குகிறேன்.

நலங்கு மாவு விஷயத்தில் அம்மாவோடு மனவருத்தமே ஏற்பட்டது. என்னையும் என் தம்பியையும் அதில் குளிப்பாட்டி வளர்த்தவர் அவர். ஆனால் புண்பட்ட தோலில் மாவின் துகள்கள் உரசும். அதைவிட முக்கியம், விரிசல் விட்ட தோல் வழியே உணவுப் புரதம் நுழைந்தால் பின்னாளில் அந்த உணவுக்கே ஒவ்வாமை உருவாகலாம் என்பது வேர்க்கடலை விஷயத்தில் ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. பயறும் கடலையும் அரைத்த மாவை அழற்சியுள்ள கன்னத்தில் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. குளித்த பின் காட்டும் சாம்பிராணிப் புகையையும், வாசனைப் பவுடரையும் அதே நாளில் நிறுத்தினோம். தேங்காய் எண்ணெய் அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை, ஆனால் அது மட்டும் போதவும் இல்லை; ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் தவிர்த்தேன்.

அவனுக்கு அதிகம் தூண்டியவை எச்சிலும் வியர்வையும். பல் முளைக்கும் மாதங்களில் மோவாய் எப்போதும் நனைந்தே கிடந்தது. திட உணவு தொடங்கியபோது ஊட்டும் முன்பே வாயைச் சுற்றிக் களிம்பு தடவி, ஊட்டியபின் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மறுபடி தடவினேன். அந்த ஒரு மாற்றம் கன்னத்தைப் பாதி ஆற்றியது. உறவினர் பேச்சைக் கேட்டு நான் இரண்டு மாதம் முட்டையும் மீனும் சாப்பிடாமல் இருந்ததில் எந்த மாற்றமும் இல்லை; மருத்துவர் சொல்லாமல் எந்தத் தாயும் தாய்ப்பாலையோ தன் உணவையோ குறைக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மாய்ஸ்சரைசருக்கு ஓர் எல்லை உண்டு. வறட்சியை அது கவனித்துக்கொள்ளும், மூண்டுவிட்ட அழற்சியை அணைக்காது. நம் பழுப்புத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சாயலாகவோ சாம்பலாகவோ தெரியும், ஆகவே கையால் தொட்டுச் சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தபோது மருத்துவர் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் எழுதினார். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு அஞ்சி இரண்டு வாரம் அதைத் திறக்காமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் என் குழந்தை தேவையில்லாமல் சொறிந்து அழுதான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. பெரியவர்களின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய அளவு, விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குப் போதும். ஆறு நாளில் தடிப்பு அடங்கியது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் நீட்டும் படர்தாமரைக் கலவைக் களிம்புகளில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அவற்றைக் குழந்தையின் அருகில் கொண்டுபோகவே கூடாது. ஆறிய இடங்கள் சில மாதம் வெளிறித் தெரியும். அது வெண்குஷ்டம் இல்லை, அழற்சி விட்டுச்சென்ற தடம், நிறம் தானே திரும்பும். தேன் நிறப் பொருக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல் ஆகியவை கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி வலித்தால் அன்றே செல்ல வேண்டும், அது உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசின் தொற்றாக இருக்கலாம்.

களிம்பு ஊறிய துணி தீப்பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாக எரியும். நம் வீடுகளில் தவழும் உயரத்தில் விளக்கு எரிகிறது. பூஜை அறை வாசலில் நாங்கள் தடுப்புக் கதவு போட்டிருக்கிறோம்.

தோழிக்கு நான் அனுப்பிய முடிவு இது: கிரீம் மிக நன்று, வாங்காதே. தள்ளுபடியிலும் அது ஐம்பது கிராம் டியூப்தான். தீர்ந்துவிடுமே என்று உன் கை தானாகவே குறைத்துப் பூசும். விரிப்பு பாழானாலும் பரவாயில்லை, அரைக் கிலோ டப்பாவை வாங்கு, மூடியில் திறந்த தேதியை எழுதிவை. ஐந்து வாரத்தில் அடி தெரியாவிட்டால் எனக்கு அழைத்துச் சொல்.