பாங்க் பணம் தாமதமானால் கெடுவை எப்படி நீட்டிப்பது: வாய்ச்சொல், பின்பக்கக் குறிப்பு, பதிவு

காட்பாடிப் பக்கம் ஒரு வீடு, விலை 42 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10-ஆம் தேதி 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துக் கிரைய ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. மூன்று மாதக் கெடு, அதாவது ஜூலை 10. வாங்குபவர் கையிலிருந்து 6 லட்சம், பாங்க் லோன் 32 லட்சம். சாங்ஷன் லெட்டர் வந்துவிட்டது, பணம் வரவில்லை. பாங்கின் வக்கீல், பட்டா இன்னும் விற்பவருடைய அப்பா பெயரில் இருப்பதைப் பார்த்து வாரிசுச் சான்று கேட்டிருக்கிறார். ஜூலை முதல் வாரத்தில் வாங்குபவர் போன் போடுகிறார்: "அண்ணா, ஒரு மாசம் டைம் குடுங்க, பாங்க்ல இழுக்குறாங்க."

நம் ஊரில் இதற்கு வழக்கமாக வரும் பதில், "சரி தம்பி, பார்த்துக்கலாம்." வாய்ச்சொல் நீட்டிப்பு இதுதான். நல்ல மனிதர்களுக்கிடையில் இது ஓடிவிடும். ஓடாதபோதுதான் சிக்கல். ஒப்பந்தம் பதிவானது என்றால், அதை வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டோம் என்று சாட்சி சொல்லி நிரூபிக்க சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. கெடுவுக்குப் பிறகும் பணம் வாங்கினார், பேசினார் என்று நடத்தையைக் காட்டி வாதாடலாம்; ஆனால் அது கோர்ட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று ஒரு வார்த்தை இருந்தால் ஒன்றுமில்லாததைவிட மேல், அவ்வளவுதான். எந்தத் தேதி வரை ஓகே என்று அதில் இருக்காது.

வாங்குபவர்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பணம் விடும் நாளில் பாங்க் மறுபடியும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கும். கெடு முடிந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு டி.டி. போடத் தயங்கும், நீட்டிப்புக்கு எழுத்தில் ஏதாவது கேட்கும். வாய்ச்சொல்லை நம்பிக் கெடுவைக் கடந்துவிட்டால், பாங்கால் வந்த தாமதத்துக்காக அதே பாங்கிடம் இன்னொரு முறை நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலோ தனித் தாளிலோ இருவரும் எழுதிக் கையெழுத்திடுவது. பத்திர எழுத்தர்கள் கேட்ட உடனே எழுதித் தருவார்கள்: "மேற்படி கிரைய ஒப்பந்தத்தில் கண்ட கெடுவை இருதரப்பும் சம்மதித்து இன்ன தேதி வரை நீட்டித்துக்கொள்கிறோம், மற்ற ஷரத்துகளில் மாற்றமில்லை." இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. தாமதம் யாரால் வந்தது என்பது அதில் இருக்க வேண்டும். நம் கணக்கில் பட்டா விற்பவர் பக்கக் குறை. அதை எழுதாமல் விட்டால், பின்னால் "பணம் புரட்ட முடியாமல் இழுத்தடித்தார்" என்று வாங்குபவர் தலையில்தான் விழும். கிரையத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போட்டால், தான் எப்போதும் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர்தான் காட்ட வேண்டும். நிலம், வீடு விற்பனையில் கெடு அவ்வளவு முக்கியமில்லை என்று பழைய தீர்ப்புகள் சொன்னதை நம்பிக் கொஞ்சம் பேர் அசட்டையாக இருப்பார்கள். விலை ஏறும் காலத்தில் அந்த எண்ணத்தை அப்படியே வைத்திருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கிலேயே சொல்லிவிட்டது.

விற்பவரும் சும்மா கையெழுத்துப் போட மாட்டார். அவர் ஆற்காட்டில் வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அங்கே அவருக்கு ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். வட்டி கேட்பதைவிட, வாங்குபவர் கையிலிருக்கும் 6 லட்சத்தில் 2 லட்சத்தை இப்போதே வாங்கிக்கொள்வது அவருக்கு உதவும், வாங்குபவருக்கும் தயார் நிலையைக் காட்டும். பாக்கி 36 லட்சமாகக் குறையும். பாங்க் வழியாக அனுப்பி, அந்தப் பரிமாற்ற எண்ணைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். சொத்தின் ஆவணக் குறையால் பாங்க் லோனை மறுத்தால் அட்வான்ஸ் 4 லட்சமும் இதுவும் சேர்ந்த 6 லட்சமும் திரும்ப வரும் என்ற ஷரத்து இல்லாமல் இந்த 2 லட்சத்தைக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, நீட்டிப்பையே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தப் பதிவு 2012 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம். முதல் ஒப்பந்தம் பதிவாகியிருக்க, அதன் தேதியை மாற்றும் தாள் மட்டும் பதிவில்லாமல் இருந்தால் எதிர்வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். பதிவானால் வில்லங்கச் சான்றில் வரும், பாங்கும் கேள்வி கேட்காது. நீட்டித்த தேதியிலிருந்து வழக்குப் போட மூன்று வருட அவகாசம் என்பதிலும் குழப்பமிருக்காது.

ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எல்லோரும் வர வேண்டும். அப்பா சொத்து என்பதால் விற்பவரின் தம்பி, தங்கையும் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். தம்பி பெங்களூரில் வேலை என்றால் ஒரு நாள் லீவு போட வேண்டும். விற்பவருக்கு வேறு பயமும் உண்டு. பதிவான ஒப்பந்தம் சான்றில் நின்றால் வேறு ஆள் வாங்க யோசிப்பார். ரத்துப் பத்திரத்துக்கு இந்த வாங்குபவரின் கையெழுத்தும் வேண்டும். பயம் நியாயமானதுதான், ஆனால் முதல் பதிவிலேயே அவர் கட்டுப்பட்டுவிட்டார். நீட்டிப்பால் கூடுவது சில வாரங்கள்தான்.

இதற்கு நடுவே இன்னும் இரண்டு யோசனைகள் வரும். "பத்திரத்தை இப்போ போட்டுக் குடுங்க, லோன் வந்ததும் பணம் தரேன்" என்பது ஒன்று. பத்திரம் பதிவானால் உரிமை போய்விடும்; பணத்துக்காக சொத்தின் மேல் பாத்தியதை மட்டும் மிஞ்சும். விற்பவர் இதற்கு இசையவே கூடாது. மற்றொன்று, இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கிப் பதிவை முடிப்பது. 32 லட்சத்துக்கு மாதம் 64,000 போகும். அது போனாலும் போகட்டும் என்றால், பதிவு முடிந்தபின் அந்த பாங்க் அதே வீட்டுக் கடனைத் தருமா என்பது நிச்சயமில்லை. வேறு வகைக் கடன், வேறு வட்டி என்று பாங்க் சொன்னால் கந்துவட்டிக்காரர் கையில் மாட்டிக்கொள்வோம்.

என் தேர்வு இதுதான்: ஒப்பந்தம் பதிவானது, எல்லோரும் உள்ளூர் என்றால் நீட்டிப்பையும் பதிந்துவிட வேண்டும். தம்பி வர மாதமாகும் என்றால், கெடு முடிவதற்குள் பின்பக்கக் குறிப்பில் எல்லோரும் கையெழுத்திட்டுக்கொண்டு, பாங்கிடம் அது போதுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

தேதி வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜூலை 10-இலிருந்து ஒரு மாதம் என்றால் ஆகஸ்ட் 10, ஆடி இன்னும் முடிந்திருக்காது. பாங்க் பணம் ரெடியானாலும் "ஆடியில் வேண்டாம்" என்று வீட்டில் யாராவது சொல்லி, மறுபடியும் நீட்டிப்புக்கு நிற்க வேண்டிவரும். ஆவணி பிறந்து இரண்டு வாரம் தள்ளி, ஆகஸ்ட் 31 என்று நேராகவே எழுதிவிடலாம். ஆவணி முகூர்த்த நாட்களில் டோக்கன் கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்த இரண்டு வாரம் வேண்டும். எழுதுவதற்கு முன் சாங்ஷன் லெட்டர் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். அது ஆகஸ்ட் 20-இல் முடிகிறது என்றால், விற்பவரிடம் வாங்கிய தேதி வாங்குபவருக்கு உதவாது. முதலில் பாங்கில் லெட்டரைப் புதுப்பிக்கக் கேட்டு, அதற்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விற்பவர் வீட்டுக்குப் போக வேண்டும்.