ஆல்டிஹைடின் பளபளப்பும் கசக்கிய தண்டின் பச்சையும்: கலந்து பார்த்த அனுபவம்

ஆல்டிஹைடு எனும் மணமிக்க கரிமச் சேர்மங்கள் சேர்ந்த பர்ஃப்யூம்களைத் தெளித்தவுடன் எழும் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, மூலப்பொருட்களையே சிறு குப்பிகளில் வாங்கி, சில ஆண்டுகளாக வீட்டில் கலந்து பார்த்து வருகிறேன். அதிகம் பயன்படுத்தியவை நான்கு. டெக்கனால், சி-12 எம்என்ஏ என்ற இரு ஆல்டிஹைடுகள் பளபளப்புக்கு. ட்ரிப்ளாலும் சிஸ்-3-ஹெக்ஸெனோலும் இலை, தண்டின் பச்சை வாசனைக்கு.

சி-12 எம்என்ஏவைக் குப்பியிலிருந்து நேரே முகர்பவர் காசு வீணாகிவிட்டதென்றே நினைப்பார். அணைத்த மெழுகுவர்த்தி, சூடேறிய இரும்பு, இவற்றோடு ஏதோ ஒரு எண்ணெய்ப்பிசுக்கு. டெக்கனால் சற்று இணக்கமானது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போல இருக்கும், ஆனால் அதிலும் மெழுகு உண்டு. கொத்தமல்லித் தழையிலும் டெக்கனால் இருக்கிறது. அந்தத் தழையில் சோப்பு வாடை வருகிறது என்று சிலர் முகம் சுளிப்பது இந்தக் குடும்பத்து ஆல்டிஹைடுகளால்தான். ஆகவே பளபளப்பும் பச்சையும் வெவ்வேறு உலகங்கள் அல்ல. தண்டைக் கசக்கிய வாசனை தரும் ட்ரிப்ளாலும் வேதியியலில் ஓர் ஆல்டிஹைடே.

எல்லாம் அளவில் இருக்கிறது. நான்கையும் ஆல்கஹாலில் 1 சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். மல்லிகைப் பூவின் செறிந்த சாறான அப்சொல்யூட், ரோஜா, சந்தனம், கஸ்தூரிச் செயற்கைப் பொருள் ஆகியவை சேர்ந்த 10 கிராம் பர்ஃப்யூம் ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல வாசனைதான், ஆனால் கனமாகத் தோலோடு படிந்து கிடந்தது. அதில் சி-12 எம்என்ஏ கரைசல் அரை கிராம் சேர்த்தேன். அதாவது மொத்தத்தில் சுமார் 0.05 சதவீதம். மெழுகு தனியாகத் தெரியவில்லை. மல்லிகையின் கனம் குறைந்து, பூ மேலெழுந்து அறைக்குள் பரவியது. இன்னும் அரை கிராம் சேர்த்தபோது முதல் சில நிமிடங்கள் கூர்மையாகின. அதற்கு மேலும் கூட்டினால் பூ பின்வாங்கி, விலையுயர்ந்த சோப்பு முன்னால் வந்து நின்றது. சோப்பைக் கருதியே அப்படிச் செய்பவர்களும் உண்டு. எனக்கு அது வேண்டாம். 1921-இல் எர்னஸ்ட் போ வடிவமைத்த ஷனேல் எண் 5 இதே வகை ஆல்டிஹைடுகளைத் துணிந்து பயன்படுத்தியும் பூவை இழக்கவில்லை. அந்தச் சமநிலை எவ்வளவு கடினம் என்பது கலந்து பார்த்த பிறகுதான் புரிகிறது.

பச்சையில் சிக்கல் வேறு. இலை ஆல்கஹால் எனப்படும் சிஸ்-3-ஹெக்ஸெனோல் அப்போதுதான் வெட்டிய புல்லை அப்படியே தருகிறது, ஆனால் எளிதில் ஆவியாவதால் முகர்ந்து பார்க்கும் தாளில் வெகுநேரம் நிற்பதில்லை. அது போனதும் வெற்றிடம் தெரியும். அந்த இடத்தை ட்ரிப்ளால் நிரப்புகிறது. மேற்சொன்ன கலவைக்கு அதன் 1 சதவீதக் கரைசல் 0.3 கிராம் போதுமானதாக இருந்தது. கூடினால் கரடுமுரடான, பிளாஸ்டிக் சாயல் கொண்ட பச்சை. இவற்றோடு கால்பனம் பிசின் எண்ணெயை மிகச் சிறிதளவு சேர்த்தால்தான் தண்டின் கசப்பும் பாலும் வருகின்றன. ஈரானில் வளரும் ஃபெரூலா செடியின் பிசின் அது. பச்சைக் குடைமிளகாயில் உள்ள பைரசின் வகைச் சேர்மம் அதிலும் இருப்பதால் அந்தக் குறுகுறுப்பு. 1947-இல் பர்ஃப்யூம் வடிவமைப்பாளர் ஜெர்மேன் செல்லியே ‘வென் வேர்’ பர்ஃப்யூமில் கால்பனத்தைக் கூச்சமின்றி மிகுதியாக இட்டார். என் மூக்குக்கு ஒரு துளியே போதும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவந்த முக்கியமான விஷயம், இவை கெட்டுப்போகும் விதம். ஆல்டிஹைடு காற்றுடன் சேர்ந்து அமிலமாக மாறும். டெக்கனால், டெக்கனாயிக் அமிலமாகிறது. ஆரஞ்சுத் தோல் மங்கி, புளித்த, ஆட்டுவாடை கலந்த மெழுகு முன்வரும். பழைய குப்பியையும் புதியதையும் இரு தாள்களில் தோய்த்து, பத்து நிமிடம் கழித்து அடுத்தடுத்து முகர்ந்தால் வேறுபாடு உடனே தெரியும். பாதி காலியான குப்பி விரைவில் கெடுகிறது, உள்ளே காற்று அதிகம் என்பதால். ஆகவே அளவு குறையக் குறையச் சிறிய பழுப்புக் குப்பிக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். பர்ஃப்யூமில் மட்டும் மாற்றம் எப்போதும் கெடுதலாக இருப்பதில்லை. ஆல்டிஹைடு ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டால் எனும் வேறு சேர்மங்களைத் தருவதால், கலந்த அன்று இருந்த கூர்மை சில வாரங்களில் தணிகிறது. அதனால் கலந்த அன்றே இன்னும் வேண்டும், வேண்டாம் என்று தீர்மானிப்பதை விட்டுவிட்டேன்.

புதிதாக வாங்குபவருக்குச் சொல்வதானால், சி-12 எம்என்ஏ 5 கிராம் பல ஆண்டுகளுக்கு வரும். ட்ரிப்ளாலும் அப்படியே. டெக்கனாலை மட்டும் கிடைக்கும் மிகச் சிறிய குப்பியில் வாங்குங்கள்.