கோடையில் இடிக்கும், மழையில் டிரிப் ஆகும்: எங்கள் நங்கநல்லூர் போர்வெல் மோட்டார், 2019 முதல் 2024 வரை

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு போர் 200 அடி. மேலே ஏறக்குறைய 60 அடிவரை கேசிங், அதற்குக் கீழே பாறை. விட்டம் 4.5 அங்குலம். தண்ணீர் இரண்டு மாடி தாண்டி மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற வேண்டும். தரையிலிருந்து 40 அடி உயரம். சிங்கிள் பேஸ் 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் 100 அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

2019 கோடையில் சென்னையில் யார் வீட்டில்தான் தண்ணீர் இருந்தது? எங்கள் போரிலும் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. மே மாதத்தில் ஒரு மெக்கானிக் வந்து, மோட்டாரை இன்னும் 40 அடி கீழே இறக்கி 140 அடியில் நிறுத்தினார். கறுப்பு பாலி குழாயை மேல்புறத்தில் ஒட்டுப்போட்டு நீட்டினார். கேபிளையும் அப்படியே மேல்புறத்தில் வெட்டி, 40 அடி புதிய கேபிளை இணைத்து, மின்வாரியக் கம்பத்தில் சுற்றும் அதே பி.வி.சி. டேப்பைச் சுற்றி உள்ளே விட்டார். போர் வாயில் எல்போவுக்கு முன்னால் மேலேறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வைப் பொருத்திவிட்டுப் போனார். அன்றைக்குத் தண்ணீர் வந்தது. அப்போது அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு கோளாறுகள் வந்தன. ஒன்று கோடையில் மட்டும், இன்னொன்று மழைக்காலத்தில் மட்டும். ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருக்காது. இந்த முறைமாற்றம்தான் கடைசியில் இரண்டுக்கும் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

முதலில் கோடைக் கோளாறு. மோட்டார் போட்ட சில விநாடிகளில் போர் வாயில் 'டொம்' என்று ஓர் இடி. எல்போ அதிரும், பக்கத்துச் சுவரில் இருக்கும் கிளாம்ப் ஆடும். குழாய்களை இணைக்கும் யூனியன் கழன்று கசியத் தொடங்கியது; இறுக்கினால் மறுவாரம் மீண்டும் கசிந்தது. காரணம் மேலே பொருத்திய அந்த வால்வுதான். பம்பின் தலையிலேயே ஒரு வால்வு உண்டு. எங்கள் பம்பில் அதில் மணல் சிக்கி மூடாமல் கிடந்தது. மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும். மேல் வால்வு மூடிக்கொள்வதால் மேலிருந்து காற்று நுழையாது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் குழாய்க்குள் தாங்கிப் பிடிக்கக்கூடிய நீர் ஏறக்குறைய 33 அடிதான். போரில் நீர்மட்டம் 90 அடியில் இருந்தால், அதற்கு மேல் 33 அடி மட்டுமே குழாயில் நிற்கும். மீதி 57 அடி வெறும் வெற்றிடம். அடுத்த முறை மோட்டார் ஓடும்போது அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் பாய்ந்து வந்து, மூடியிருக்கும் வால்விலும் அதற்கு மேல் அசையாமல் நிற்கும் தண்ணீரிலும் மோதும். அந்த மோதல்தான் நாங்கள் கேட்ட இடி. நவம்பரில் நீர்மட்டம் 25 அடிக்கு ஏறியதும் இடி நின்றுவிட்டது. 25 அடித் தண்ணீரைக் காற்றே தாங்கிவிடும், வெற்றிடம் உண்டாகாது. வால்வு சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

அதே நவம்பரில் இரண்டாவது கோளாறு. மோட்டார் சுவிட்சைப் போட்டால் வீடு முழுவதும் இருட்டு, மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். வந்து பார்த்தவர் ஒருவர் 'மோட்டார் காயில் போயிற்று, ரீவைண்டிங் செய்ய வேண்டும்' என்றார். இன்னொருவர் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்றார். ஈரத்தரையில் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இப்படி ஒரு யோசனையைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ!

ஜனவரி 2020-ல் மூன்றாமவர், வயரின் உறை மின்சாரத்தைக் கசிய விடுகிறதா என்று அளக்கும் மெகர் கருவியோடு வந்தார். பேனல் பெட்டியில் மூன்று வயர்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராக 500 வோல்ட்டில் சோதித்தார். 0.01 மெகா ஓம் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் என்றால்கூட, போருக்குள் இருக்கும் நிலையில் 0.5 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் இது 23 மில்லி ஆம்பியர் கசிவு. ஆர்.சி.சி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், 15-ஐத் தாண்டினால் 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம்.

"கேபிளில் எங்கேயாவது ஜாயிண்ட் இருக்கிறதா சார்?" என்று அவர் கேட்டார். மே மாதம் நடந்ததைச் சொன்னேன். நீட்டியது மேல்புறத்தில் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஜாயிண்ட் 35 அடி ஆழத்தில் தொங்குகிறது. கோடையில் அது நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் இருந்தது, கசிவில்லை. மழைக்குப் பிறகு தண்ணீர் அதை மூழ்கடித்துவிட்டது. மழைக்குப் பின் டிரிப் ஆகி, கோடையில் தானாகச் சரியாகும் மோட்டார் உங்கள் வீட்டிலும் இருந்தால், ரீவைண்டிங்குக்கு முன்னால் நடுவழி ஜாயிண்டைத் தேடுங்கள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஜாயிண்டுக்கு இருபுறமும் வெட்டித் தனித்தனியாகச் சோதித்தார். மோட்டார் பக்கம் 100 மெகா ஓமுக்கு மேல். வெட்டி எடுத்த ஜாயிண்டை வாளித் தண்ணீரில் போட்டதும் முள் கீழே விழுந்தது. டேப்பைப் பிரித்தபோது அதன் பசை வெண்டைக்காய்போல வழவழவென்று கையில் ஒட்டியது. உள்ளே தாமிர இழைகள் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. மூன்று வயர்களையும் ஒரே இடத்தில் முறுக்கியிருந்ததால், டேப்புக்குள் நுழைந்த தண்ணீர் மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டிருக்கிறது.

புதிதாக இறக்கியபோது கேபிளை ஒரே நீளமாக வாங்கினோம்: 3 கோர் தட்டை கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர், பேனல்வரை வெட்டே இல்லாமல். மோட்டாரிலிருந்து வரும் குட்டைக் கேபிளோடு சேரும் ஒரே ஒரு ஜாயிண்டுதான் மிஞ்சியது. அதற்கே அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். மூன்று கோர்களையும் வெவ்வேறு நீளத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினார். மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் புடைக்காது, ஒன்றையொன்று தொடவும் வாய்ப்பில்லை. நிறத்துக்கு நிறம் சேர்த்து, தாமிரக் குழல் மாட்டி, கிரிம்பிங் கருவியால் நசுக்கினார். கேபிளின் மேலுறையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்தார். கை வியர்வையோ கிரீஸோ இருந்தால் டேப் உறையோடு ஒட்டாது. பிறகு ரப்பர் டேப். அதில் பசையே கிடையாது. பாதி அகலமாகும்வரை இழுத்துச் சுற்றினால் ஒரு சுற்று இன்னொன்றோடு ஒன்றிப்போய் ஒரே ரப்பர்க் கட்டியாகிவிடும். ஒவ்வொரு கோருக்கும் தனியாக இரண்டு அடுக்கு, பிறகு மூன்றையும் சேர்த்து மேலுறைமீது இரண்டு அங்குலம் ஏறும்படி மறுபடியும். பி.வி.சி. டேப் கடைசியாக, உராய்விலிருந்து காக்கும் சட்டையாக மட்டும்.

அந்த ஜாயிண்டை வாளியில் மூழ்கடித்து, முனைகளை வெளியே விட்டு, நாங்கள் சாப்பிட்டு வரும்வரை ஊற வைத்தார். மெகரில் அளவு இறங்கவில்லை. இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் கேபிளை இறக்கவிடாதீர்கள். உள்ளே போய்விட்டால் திரும்பப் பார்க்க அத்தனை குழாயையும் கழற்ற வேண்டும்.

வால்வு விஷயத்தில் அவர் செய்த மாற்றம் எளிது. மேல் வால்வைக் கழற்றி எறிந்தார். ஸ்பிரிங் வைத்த பித்தளை வால்வு ஒன்றைப் பம்புக்கு மேலே முதல் குழாயிலேயே பொருத்தினார். அது எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், வெற்றிடத்துக்கு இடமில்லை. எங்கள் 140 அடிக்கு அது போதும். இன்னும் ஆழம் என்றால் 200 அடிக்கு ஒன்று என்று வைப்பது வழக்கம்.

குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜி.ஐ. குழாய் எங்களுக்கு ஒத்துவராது. போருக்கு நேர் மேலே இரண்டாம் மாடி பால்கனி நீட்டிக்கொண்டிருக்கிறது, 20 அடிக் குழாயை நிமிர்த்த முடியாது. 140 அடிக்கு ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய் மட்டும் 130 கிலோ இருக்கும், துருவும் பிடிக்கும். அதனால் பாலி குழாய்க்குப் பதில் யு.பி.வி.சி. காலம் பைப் போட்டோம். அது 10 அடித் துண்டுகளாக வருகிறது. சதுர மரை, கப்ளருக்குள் ரப்பர் வளையம். பசையோ நூலோ சுற்றக் கூடாது. பட்டை ரென்ச்சால் இறுக்க வேண்டும்; பல் வைத்த பைப் ரென்ச் கடித்த தடத்தில்தான் நாளடைவில் விரிசல் விழும். வெயில் படும் இடத்தில் இந்தக் குழாய் நொறுங்கிப்போகும் என்பதால், போர் மூடிக்கு மேலே வந்ததும் ஜி.ஐ. எல்போவுக்கு மாறிவிட்டோம். கேபிளைக் குழாயோடு ஒவ்வொரு 10 அடிக்கும் கட்டினோம், கப்ளருக்கு மேலும் கீழும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது குழாய் சற்றுத் திருகும். தளர்ந்த கேபிள் பாறையில் உரசி உறை கிழியும்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. விழவில்லை, கோடையில் இடியும் இல்லை. டிசம்பர் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் போர் வாய்வரை தண்ணீர் நின்று, சில வாரங்கள் கலங்கலாகவே வந்தது. அதன் பிறகு ஒரு மாற்றம். முன்பெல்லாம் காலையில் சுவிட்ச் போட்ட உடனே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இப்போது அரை நிமிடம் கழித்துத்தான் கேட்டது. நீர்மட்டம் அப்போது 40 அடி, தொட்டி 40 அடி உயரத்தில். நடுவே 80 அடிக் குழாய் இரவில் காலியாகிவிட்டது என்று பொருள். அந்தக் குழாயில் ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும், எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும். அரை நிமிடம் சரியாகப் பொருந்துகிறது. வால்வு கசிகிறது.

உடைந்து விழும் அவசரம் இல்லை. ஆனால் மோட்டாரை நிறுத்தியதும் மேலிருந்து இறங்கும் தண்ணீர் பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்த நேரத்தில் மறுபடி சுவிட்ச் போட்டால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். நிறுத்தினால் ஐந்து நிமிடம் கழித்தே போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டு, 2024 கோடையில் எல்லாவற்றையும் மேலே எடுத்தோம். வால்வு இருக்கையில் மணல் கோடு போட்டிருந்தது, மாற்றினோம். கப்ளர்கள் பட்டை ரென்ச்சுக்கே சுலபமாகக் கழன்றன. ரப்பர் வளையங்கள் தட்டையாகியிருந்ததால் அவற்றையும் புதிதாகப் போட்டோம். ஜாயிண்டைப் பிரிக்கவில்லை, வாளியில் மட்டும் ஊற வைத்தோம்: 20 மெகா ஓம், அப்படியே திரும்பப் போய்விட்டது. எதிர்பாராத இடத்தில் தேய்ந்திருந்தது பாதுகாப்பு நைலான் கயிறு. போர் மூடித் துளையின் கூர்மையான விளிம்பில் உரசி முக்கால்வாசி இழைகள் அறுந்திருந்தன. குழாய் முறிந்திருந்தால் மோட்டாரைப் பிடிக்க அது உதவியிருக்காது. இப்போது அந்தத் துளையில் ரப்பர் புஷ் போட்டு, துருப்பிடிக்காத எஃகு வயர் கயிற்றைக் கட்டியிருக்கிறோம்.